கெட்டிலை அணைத்தது யார்?

அம்மாவின் கெட்டில் தண்ணீர் கொதிக்கும் முன்பே அணைந்துவிடுகிறது. அக்காள் மகளின் கெட்டிலோ கொதித்துக்கொண்டே இருக்கிறது, அணைவதே இல்லை. இரண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் என் மேசைக்கு வந்து சேர்ந்தன. தாம்பரத்தில் அம்மாவுக்கும் கோயம்புத்தூரில் அவளுக்கும் கடைக்காரர்கள் சொன்னது ஒன்றுதான்: "தெர்மோஸ்டாட் போய்விட்டது, புதிதாகவே வாங்கிவிடுங்கள்." நேரெதிரான இரண்டு கோளாறுகளுக்கு ஒரே மருந்து எழுதித் தந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். இரண்டும் ஒன்றரை லிட்டர் கொள்ளளவு, 1500 வாட், ஸ்டீல் உடம்பு, கைப்பிடியின் அடியில் அழுத்தும் ஸ்விட்ச். நம் வீடுகளில் பெரும்பாலும் இருக்கும் ரகம்தான்.

கடைக்காரர்கள் தெர்மோஸ்டாட் என்று ஒரே பெயரில் சொன்னாலும், இந்த ரகக் கெட்டிலில் காவலாளிகள் இரண்டு பேர். அவர்கள் செய்யும் வேலை வேறு, இருக்கும் இடமும் வேறு. இதைத் தெரிந்துகொண்டால் பாதிக் கோளாறு தானாகவே விளங்கிவிடும்.

முதல் காவலாளி ஆவியைக் கவனிப்பவர். கெட்டிலின் மூடியைத் திறந்து, கைப்பிடி இருக்கும் பக்கத்து உட்சுவரில் விளிம்புக்குச் சற்றுக் கீழே பாருங்கள். சிறிய துளையோ சில கீறல்களோ இருக்கும். தண்ணீர் கொதித்ததும் ஆவி அதன் வழியே புகுந்து, கைப்பிடிக்குள் ஓடும் குழாயில் இறங்கி, அடியில் இருக்கும் ஈருலோக வில்லை ஒன்றில் போய் மோதும். வில்லை 80, 90 டிகிரிக்குச் சூடானதும் 'டக்'கென்று மறுபக்கம் வளைந்து ஸ்விட்சைத் தள்ளிவிடும். இங்கிலாந்தில் 1955-ல் ரஸ்ஸல் ஹாப்ஸ் நிறுவனம் தானாக அணையும் கெட்டிலை விற்கத் தொடங்கியபோதும் ஆவியை ஈருலோகப் பட்டையில் மோதவைக்கும் இதே தந்திரம்தான். கெட்டிலின் உருவம் எவ்வளவோ மாறியும் இது மாறவில்லை. கவனிக்க வேண்டியது, இந்த வில்லைக்குத் தண்ணீரின் சூடு தெரியாது. ஆவி வந்து சேர்ந்தால்தான் அதற்குச் செய்தி.

இரண்டாம் காவலாளி கெட்டிலின் அடித்தகட்டை ஒட்டி, ஹீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் வேறொரு வில்லை. சில கெட்டில்களில் இரண்டு இருக்கும். தண்ணீரே இல்லாமல் யாராவது கெட்டிலைப் போட்டுவிட்டால் தகடு எரிந்துபோகாமல் காப்பது இதன் வேலை. தகட்டின் சூடு 130, 140 டிகிரியை ஒட்டி ஏறும்போது இது மின்சாரத்தைத் துண்டிக்கும். தண்ணீர் இருக்கும்வரை தகடு அவ்வளவு சூடாகாது என்பதால், சாதாரண நாட்களில் இந்த வில்லைக்கு வேலையே இல்லை.

ஆகவே கெட்டில் அணைந்தாலும் அணையாவிட்டாலும் நான் முதலில் பார்ப்பது ஸ்விட்சையும் விளக்கையும்தான். ஆவி வில்லை அணைத்தால் ஸ்விட்ச் மேலே எழும்பும், விளக்கும் அணையும். அடித்தகட்டு வில்லை அணைத்தால் இதுபோன்ற பல கெட்டில்களில் விளக்கு மட்டும் அணையும், ஸ்விட்ச் அழுத்திய இடத்திலேயே நிற்கும். தகடு ஆறியதும் விளக்கு தானாகவே மறுபடி எரியும். சில விலை உயர்ந்த கெட்டில்களில் இரண்டாம் வில்லையும் ஸ்விட்சைத் தள்ளிவிடுவது உண்டு. அங்கே 'டக்' சத்தம் கைப்பிடிப் பக்கம் கேட்கிறதா, அடியின் நடுவில் கேட்கிறதா என்று காதைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

அம்மாவின் கெட்டிலில் இதைப் பார்க்க அதிக நேரம் பிடிக்கவில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றிப் போட்டேன். கணக்குப்படி, 28 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரை 100 டிகிரிக்குக் கொண்டுபோக 1500 வாட் ஹீட்டருக்கு மூன்று நிமிடம் இருபது நொடி போதும். பாத்திரம் சூடாவது, பக்கவாட்டில் வீணாவது எல்லாம் சேர்த்து நான்கு நிமிடம் வைத்துக்கொள்ளலாம். மாலை நேரத்தில் மின்னழுத்தம் 205 வோல்ட்டுக்கு இறங்கினால் அதே ஹீட்டர் 1200 வாட்தான் தரும், இன்னும் ஒரு நிமிடம் போல் கூடும். இந்தக் கணக்கு கையில் இருந்தால் 'சீக்கிரம் அணைகிறது' என்பது நிஜமா, மனப்பிரமையா என்று தெரிந்துவிடும்.

இது நிஜம்தான். இரண்டு நிமிடம் தாண்டியதும் விளக்கு அணைந்தது. ஸ்விட்ச் அசையவில்லை. தண்ணீருக்குள் வெப்பமானியை விட்டால் 66 டிகிரி. ஆவி துளைக்குள் போயிருக்கவே முடியாத சூடு அது. கொஞ்ச நேரத்தில் விளக்கு மறுபடி எரிந்தது, மறுபடி அணைந்தது. அம்மா இதைப் பார்த்துவிட்டு, "இப்படித்தான் கண்ணடித்துக்கொண்டே இருக்கும். நான் அலுத்துப்போய் அடுப்பில் வைத்துவிடுவேன்" என்றார்.

அணைத்தது அடித்தகட்டு வில்லை. தண்ணீர் இருக்கும்போதே தகடு ஏன் அவ்வளவு சூடாகிறது? மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் விடை வெள்ளையாகத் தெரிந்தது. தகட்டின் மேல் முட்டை ஓட்டின் கனத்துக்கு உப்புப் படிந்திருந்தது. கீழே ஹீட்டர் ஓடும் வளையத்துக்கு நேர் மேலே அது தடித்து, வட்டமாக ஒரு வரப்புப் போல எழும்பி நின்றது. கரண்டியின் காம்பால் தட்டினால் ஸ்டீலின் ஓசை வரவில்லை, மண்சட்டியின் ஓசை வந்தது. கெட்டில் போட்டதும் கரகரவென்று அதிகமாக இரைவதும் இதன் அடையாளம்தான். படிவின் விரிசல்களுக்குள் சிக்கிய நீர் முன்கூட்டியே கொதித்து வெடிக்கும் சத்தம் அது.

அம்மா வீட்டில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். குடிக்கக் கேன் தண்ணீர் வாங்குகிறார்கள். ஆனால், "டீக்குத்தானே, எப்படியும் கொதிக்கத்தானே போகிறது" என்று கெட்டிலுக்குக் குழாய்த் தண்ணீரையே பிடித்துவிடுவார். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை போகலாம் என்றும் சொல்கிறது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் இந்த மேல் எல்லையை நோக்கிப் போகிற தண்ணீர்தான். அதில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடு பட்டதும் கால்சியம் கார்பனேட்டாக மாறிக் கரையாமல் ஒதுங்கும். எங்கே அதிகச் சூடோ அங்கே முதலில் ஒதுங்கும். அதாவது அடித்தகட்டில். படிவு வெப்பத்தை நன்றாகக் கடத்தாது. ஹீட்டரின் சூடு தண்ணீருக்குள் போக வழியில்லாமல் தகட்டிலேயே தேங்க, தண்ணீரே இல்லை என்று நினைத்து வில்லை துண்டித்துவிடுகிறது. தெர்மோஸ்டாட் கெடவில்லை. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது.

இதற்கு மருந்து மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம். படிவு மூழ்கும் அளவுக்கு, சுமார் ஒரு லிட்டர் தண்ணீரைக் கை பொறுக்காத சூட்டுக்குக் கொண்டுவந்து, மின்சாரத்தை எடுத்துவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். ஒரேயடியாகப் போட்டால் நுரை பொங்கி ஆவித் துளைக்குள் போய்விடும். அரை மணி நேரம் விட்டால் சோடாவைப் போலக் குமிழி விட்டபடி படிவு கரையும். அந்தக் கரைசலைக் கொதிக்க வைக்கக் கூடாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. அதிகச் சூட்டில் கால்சியம் சிட்ரேட் என்ற வேறொரு வெள்ளைப் பொருள் உருவாகித் தகட்டிலேயே ஒட்டும், அதைக் கரைப்பது இன்னும் கடினம். படிவு தடிப்பாக இருந்தால் கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்து இன்னொரு முறை செய்வதே நல்லது. அம்மாவின் கெட்டிலுக்கு அது தேவைப்பட்டது. வினிகரும் வேலை செய்யும், ஆனால் வாசனை போகச் சில தடவை வெறும் தண்ணீர் கொதிக்கவைத்துக் கொட்ட வேண்டும். புளி பித்தளைக்கு நல்லது, இதற்கு உதவாது. கழிவறை கழுவும் அமிலத்தை யார் சொன்னாலும் ஊற்றாதீர்கள். அதிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஸ்டீலில் பொடிப்பொடியாகக் குழி விழச் செய்யும். கத்தியால் சுரண்டுவதும் வேண்டாம். கீறிய இடத்தில் அடுத்த படிவு இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும்.

தகடு பளிச்சென்று தெரிந்த பிறகு அதே ஒரு லிட்டரை ஊற்றினேன். நான்கு நிமிடத்துக்குச் சற்று முன்பாகத் தளதளவென்று கொதித்தது, சில நொடிகளில் ஸ்விட்ச் 'டக்'கென்று எழும்பியது. இந்த முறை அணைத்தது ஆவி வில்லை.

சீக்கிரம் அணைவதற்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை கொதித்து அணைந்த உடனே மறுபடி அழுத்தினால் ஸ்விட்ச் நிற்காது, ஏனெனில் ஆவி வில்லை இன்னும் ஆறவில்லை. ஒரு நிமிடம் பொறுத்தால் போதும், இது கோளாறே அல்ல. மற்றொன்று, 'டக்' சத்தமே இல்லாமல் விளக்கு மினுக்கி மினுக்கி அணைவது, கெட்டிலை லேசாகத் திருகினால் எரிவது. இது வில்லைகளின் விஷயம் அல்ல. கெட்டிலும் பீடமும் சேரும் இடத்தில் தொடர்பு கருகியிருக்கிறது. வளையத்தில் கரும்புள்ளிகளோ உருகிய பிளாஸ்டிக்கோ தெரிந்தால் அந்த ஜோடியைப் பயன்படுத்துவதை உடனே நிறுத்திவிட வேண்டும்.

இனி அக்காள் மகளின் கெட்டில். அவள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். சிறுவாணித் தண்ணீர் வரும் பகுதி. அந்தத் தண்ணீரின் மென்மையைப் பற்றிக் கோவைக்காரர்கள் பேசத் தொடங்கினால் நிறுத்த மாட்டார்கள், பேசுவதில் நியாயமும் இருக்கிறது. அவளுடைய கெட்டிலின் தகட்டில் படிவே இல்லை. ஆனாலும் அணையவில்லை.

"மாமா, ஆவி வில்லையில்தான் உப்புப் பிடித்திருக்குமாம், நெட்டில் போட்டிருக்கிறது" என்றாள். இந்தக் கருத்து பரவலாக இருக்கிறது. ஆனால் யோசித்துப் பார்த்தால் ஆவி உப்பைச் சுமந்துகொண்டு வராது. தண்ணீரில் இருந்த உப்பெல்லாம் கெட்டிலிலேயே தங்க, மேலே போவது காய்ச்சி வடித்த நீர். வில்லையிலோ துளையிலோ வெள்ளைப் படிவு இருந்தால் அது ஆவியால் வந்ததல்ல, தண்ணீரே நேராகத் தெறித்து வந்தது. உச்ச அளவுக் கோட்டைத் தாண்டி நிரப்பிக் கொதிக்க வைத்தால் துளைக்குள் நீர் அடிக்கும். கடின நீர் வீடுகளில் அப்படித்தான் அங்கே உப்புச் சேர்கிறது. மற்றபடி கடின நீரின் கைவரிசை அடித்தகட்டில்தான். அதனால்தான் உப்பு பெரும்பாலும் கெட்டிலைச் சீக்கிரம் அணைக்கிறது. அணையாமல் போவதற்கு வேறு இடத்தில் தேட வேண்டும்.

தேடும் வரிசை ஆவி போகும் பாதையின் வரிசையேதான். முதலில் மூடி. கெட்டில் கொதிக்கும்போது தடித்த துணியை மடித்து மூடியை நன்றாக அழுத்திப் பிடித்தேன், கையை ஆவி வரும் வாயிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு. மூடியின் கொக்கி தளர்ந்தோ அதன் ரப்பர் போயோ ஆவி மேலே தப்பிக்கொண்டிருந்தால், இப்படி அழுத்திய சில நொடிகளில் ஸ்விட்ச் எழும்பிவிடும். எழும்பவில்லை. ஆகவே குற்றவாளி மூடி அல்ல.

அடுத்தது துளையும் குழாயும். மின்சாரத்தை எடுத்து, கெட்டில் முழுதும் ஆறிய பிறகு, பஞ்சுக் குச்சியைத் துளைக்குள் விட்டுச் சுழற்றினேன். வெள்ளையாக உள்ளே போன பஞ்சு பழுப்பாக வெளியே வந்தது, பிசுபிசுப்போடு. முகர்ந்தால் தீய்ந்த பால் வாசனை. "இதில் டீ போட்டாயா?" என்று கேட்டேன். "டீ மட்டும்தான் மாமா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நூடுல்ஸும்" என்று சேர்த்துக்கொண்டாள். விடுதி அறையில் அடுப்பு கிடையாது என்றால் கெட்டில்தான் அடுப்பு, அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பால் பொங்கினால் நுரை முதலில் தேடும் வழி அந்தத் துளைதான். உள்ளே போன நுரை குழாயில் காய்ந்து ஏடாகப் படியும். ஒவ்வொரு முறை பொங்கும்போதும் பாதை கொஞ்சம் குறுகும்.

துளையில் உறிஞ்சுகுழலை வைத்து ஊதிப் பார்த்தேன். நல்ல கெட்டிலில் காற்று அடிப்பக்கம் வெளியே வருவது உள்ளங்கைக்குத் தெரியும். இதில் தெரியவில்லை. குழாய் அடைப்பு என்று உறுதியானது. துளைக்குள் வெந்நீர் ஊற்றிக் கழுவலாமே என்று தோன்றும், அது ஆபத்து. குழாய் போய் முடியும் இடம் மின் இணைப்புகள் இருக்கும் அறை. அதனால் அடிமூடியைக் கழற்றினேன். மூன்று திருகுகளில் ஒன்றுக்கு முக்கோணத் தலை, அதற்கென்று ஒரு முனை வேண்டும். உத்தரவாதக் காலம் முடியாத கெட்டில் என்றால் திறக்காமல் கொடுத்து மாற்றிக்கொள்வதே புத்திசாலித்தனம். இது முடிந்துபோன கெட்டில்.

உள்ளே கட்டைவிரல் நகம் அளவு வில்லை, நடுவில் லேசான குழிவோடு. அதன் மேல் கருகிய பால் ஏடு, ஓரத்தில் ஒரு துருப் புள்ளி. ஈரப்படுத்திய பஞ்சில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டு வில்லையைத் துடைத்தேன். குழாயைத் தனியாக உருவி எடுத்து, வெந்நீரில் ஊறவைத்து, குழாய் துலக்கும் மெல்லிய பிரஷை விட்டு இழுத்தேன். பிறகு பல்குத்தும் மரக்குச்சியால் வில்லையின் நடுவை மெதுவாக அழுத்தினேன். 'டிக்'கென்று தெறித்து ஸ்விட்சைத் தள்ளியது. வில்லைக்கு உயிர் இருக்கிறது, செய்திதான் வரவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. எல்லாவற்றையும் இரவு முழுதும் காயவிட்டு மறுநாள் பூட்டினேன். குழாயின் இரு முனைகளும் முன்பு இருந்தபடியே இறுக்கமாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். தளர்ந்தால் ஆவி கைப்பிடிக்குள் கலைந்துபோய் பழைய கதை திரும்பும். அரை லிட்டர் ஊற்றிப் போட்டதும், கொதி வந்து பத்துப் பதினைந்து நொடிக்குள் அணைந்தது.

அணையாத கெட்டிலை, "நான்தான் பார்த்து அணைத்துக்கொள்கிறேனே" என்று பல மாதம் ஓட்டுபவர்களைப் பார்க்கிறேன். ஒரு லிட்டர் தண்ணீர் முழுதும் ஆவியாக 1500 வாட்டில் 25 நிமிடம் போல ஆகும். ஒரு தொலைபேசி அழைப்பு அதற்குப் போதும். அதன் பிறகு அடித்தகட்டு வில்லை துண்டிக்கும், ஆறும், மறுபடி சேரும், மறுபடி துண்டிக்கும். எப்போதாவது வேலை செய்வதற்காக வைக்கப்பட்ட தொடர்புமுனைகள் வெறுந்தகட்டின் மேல் இப்படி மாறிமாறித் தீப்பொறி விட்டால் அவை தேய்ந்து ஒட்டிக்கொள்ளும். தெர்மோஸ்டாட் உண்மையாகவே கெடுவது பெரும்பாலும் இங்கே தொடங்குகிறது.

அப்படி ஒரு கெட்டிலையும் பார்த்தேன், பக்கத்து வீட்டுக்காரருடையது. அதில் ஸ்விட்ச் ஒழுங்காக மேலே எழும்பியது, ஆனால் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, தண்ணீரும் கொதித்துக்கொண்டே இருந்தது. இந்த அடையாளம் ஒன்று போதும். ஆவி வில்லை வேலை செய்துவிட்டது, ஸ்விட்சும் நகர்ந்துவிட்டது, உள்ளே தொடர்புமுனைகள்தான் பற்றவைத்தது போல ஒட்டிக்கொண்டன. உறுதிப்படுத்த மல்டிமீட்டர் இருந்தால் போதும். கெட்டிலைப் பீடத்திலிருந்து எடுத்துக் கவிழ்த்து, அடியிலுள்ள மூன்று தொடர்புகளில் ஹீட்டருக்கான இரண்டின் மேல் முனைகளை வைக்க வேண்டும். ஸ்விட்ச் அழுத்திய நிலையில் 1500 வாட் கெட்டில் 35 ஓம் காட்டும். ஸ்விட்சை மேலே தூக்கியதும் தொடர்பே இல்லை என்று காட்ட வேண்டும். அவருடையது தூக்கிய பிறகும் 35 ஓமிலேயே நின்றது. இங்கே எலுமிச்சை உப்புக்கு வேலை இல்லை.

தெர்மோஸ்டாட் தனியாகக் கிடைக்கிறது. சென்னையில் ரிச்சி தெருப் பக்கம் உதிரிபாகக் கடைகளில் கேட்டால் எடுத்துத் தருவார்கள், சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். பழையதைக் கழற்றிக் கையில் கொண்டுபோவது நல்லது. திருகுத் துளைகளின் இடம், ஸ்விட்சைத் தள்ளும் நாக்கின் திசை, ஆவி வந்து படும் பக்கம் மூன்றும் பொருந்த வேண்டும். பீடத்தில் இருக்கும் கீழ்ப்பாதியையும் அதே ஜோடியாக வாங்குவதே நல்லது. பழைய கீழ்ப்பாதி புதிய மேல்பாதியோடு உட்கார்ந்துகொண்டாலும் தொடர்பு இறுக்கமாக இருக்காது. அடித்தகட்டுக்கும் அதைத் தொடும் வில்லைக்கும் இடையே வெள்ளைப் பசை தடவியிருக்கும், சூட்டைக் கடத்துவதற்கு. புதியதைப் பூட்டும்போது அந்தப் பசை இல்லாவிட்டால் தகடு அளவுக்கு மீறிச் சூடான பிறகே வில்லைக்குத் தெரியும். பூட்டி முடித்ததும் எர்த் தொடர்புக்கும் ஸ்டீல் உடம்புக்கும் இடையே மீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மின்சாரம் கொடுக்கக் கூடாது.

பக்கத்து வீட்டுக்காரரின் கெட்டிலுக்குப் புதிய தெர்மோஸ்டாட் போடவில்லை. அடிமூடியைத் திறந்தபோது தொடர்புமுனைகளைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பழுப்பேறி நொறுங்கிக்கொண்டிருந்தது, இணைப்புக் கம்பியின் உறையும் இறுகிப்போயிருந்தது. அந்த நிலையில் புதிய பாகம் வாங்குவது காசுக்குக் கேடு என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.